எத்தனாலின் உருவாதல் என்தால்பி: ஒரே கணக்கு, இரண்டு வழி

[திரையில்: வினாத்தாளின் ஒரு பக்கம். கேள்வியில் அ, ஆ, இ என்று மூன்று பிரிவுகள்]

வணக்கம். வெப்ப வேதியியல் தேர்வில் வரக்கூடிய ஒரு கேள்வியை இன்று முழுவதுமாகப் போட்டுப் பார்க்கலாம். திரவ எத்தனாலின் உருவாதல் என்தால்பியைக் கண்டுபிடிக்க வேண்டும். அ பிரிவில் எரிதல் வினைகளைக் கூட்டிக் கழித்து, ஆ பிரிவில் பிணைப்பு ஆற்றல்களை வைத்து. இ பிரிவு, இரண்டு விடைகளும் ஏன் ஒன்றாக இல்லை என்று கேட்கிறது. நிறைய பேர் இ பிரிவை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அ, ஆ இரண்டையும் புரிந்து போட்டவர்களுக்கு அதன் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

முதல் வேலை, எந்த வினையின் என்தால்பியைக் கேட்கிறார்கள் என்று எழுதி வைப்பது. இந்த ஒரு வரியை எழுதாமல் கணக்குக்குள் போகாதீர்கள்.

[திரையில்: 2C(s) + 3H₂(g) + ½O₂(g) → C₂H₅OH(l)]

உருவாதல் என்றால் ஒரு மோல் சேர்மம், அதன் தனிமங்களிலிருந்து, அந்தத் தனிமங்கள் இயல்பாக இருக்கும் நிலையிலிருந்து உருவாக வேண்டும். கார்பன் என்றால் கிராஃபைட், திண்மம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வாயு. எத்தனால் திரவம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் s, g, l எழுத்துகளைக் கவனமாகப் பாருங்கள். ஆ பிரிவில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இவற்றால்தான்.

சரி, அ பிரிவு.

[திரையில்:
1) C(s) + O₂(g) → CO₂(g)  ΔH = −393.5 kJ
2) H₂(g) + ½O₂(g) → H₂O(l)  ΔH = −285.8 kJ
3) C₂H₅OH(l) + 3O₂(g) → 2CO₂(g) + 3H₂O(l)  ΔH = −1367 kJ]

இங்கே நாம் நம்பியிருப்பது ஹெஸ் விதி. ஜெர்மைன் ஹெஸ் இதை 1840-ல் வெளியிட்டார். ஆற்றல் அழியாமை விதி தெளிவாக உருப்பெறுவதற்கு முன்பே, வெப்பங்களை அளந்து அளந்து அவர் கண்டடைந்தது இது. வினை ஒரே படியில் நடந்தாலும் பல படிகளில் நடந்தாலும், தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் மொத்த என்தால்பி மாற்றம் ஒன்றுதான். அதனால் சமன்பாடுகளைத் திருப்பலாம், பெருக்கலாம், கூட்டலாம். திருப்பினால் குறி மாறும். பெருக்கினால் ΔH மதிப்பையும் அதே எண்ணால் பெருக்க வேண்டும்.

எதைத் திருப்புவது, எதால் பெருக்குவது என்று எப்படி முடிவு செய்வது? கொடுத்த சமன்பாடுகளில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வரும் பொருள்களை முதலில் பாருங்கள். கிராஃபைட் முதல் சமன்பாட்டில் மட்டும்தான் இருக்கிறது. நமக்கு அது இடப்பக்கம் இரண்டு வேண்டும், ஆகவே முதல் சமன்பாடு இரண்டு மடங்கு. ஹைட்ரஜன் இரண்டாவதில் மட்டும், மூன்று வேண்டும், ஆகவே மூன்று மடங்கு. எத்தனால் மூன்றாவதில் மட்டும், ஆனால் தவறான பக்கத்தில் நிற்கிறது, ஆகவே திருப்பிப் போடுகிறோம். ஆக்சிஜன் மூன்றிலுமே வருகிறது. அதை வைத்து ஆரம்பித்தால் குழம்பிப்போவீர்கள். அதைத் தொடாமல் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: 2(−393.5) + 3(−285.8) + 1367 = −787.0 − 857.4 + 1367 = −277.4 kJ]

இப்போது ஆக்சிஜனை எண்ணிப் பார்ப்போம். முதல் வினையிலிருந்து 2, இரண்டாவதிலிருந்து 1½, மொத்தம் 3½ இடப்பக்கம். திருப்பிய மூன்றாவது வினையில் 3 வலப்பக்கம். மிச்சம் ½, இடப்பக்கத்தில். நாம் முதலில் எழுதி வைத்த வினையிலும் சரியாக ½ தான். ஆக்சிஜனைக் கடைசிக்கு வைத்ததால் அதுவே நம் வேலையைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டது. அது பொருந்தவில்லை என்றால், எண்களைக் கூட்டுவதற்கு முன்பே எங்கேயோ பிழை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அ பிரிவின் விடை −277.4 கிலோஜூல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்:
C(s) → C(g)  +717 kJ
H–H 436, O=O 498
C–H 413, C–C 347, C–O 358, O–H 463 (எல்லாம் kJ/mol)
எத்தனாலின் ஆவியாதல் என்தால்பி 42 kJ/mol]

ஆ பிரிவுக்கு இந்தத் தரவுகள். பிணைப்பு ஆற்றல் என்பது வாயு நிலையில் இருக்கும் மூலக்கூறில் ஒரு பிணைப்பை உடைக்க ஆகும் ஆற்றல். வாயு நிலை என்பதுதான் இங்கே முக்கியம். நம் வினையின் ஒரு முனையில் திண்மமான கிராஃபைட் இருக்கிறது, மறுமுனையில் திரவ எத்தனால். பிணைப்பு ஆற்றல் அட்டவணை இந்த இரண்டையும் தொடாது. அந்த இரண்டு இடங்களையும் நாம்தான் தனிப் படிகளாகச் சேர்க்க வேண்டும். ஆக, இதுவும் ஹெஸ் விதிக் கணக்கேதான். படிகள் மட்டும் வேறு.

முதல் படி, எல்லாவற்றையும் தனித்தனி வாயு அணுக்களாக்குவது. கிராஃபைட்டிலிருந்து இரண்டு மோல் கார்பன் அணு: 2 × 717, அதாவது 1434. மூன்று H–H பிணைப்பு: 1308. அரை மோல் ஆக்சிஜன்: 498-ல் பாதி, 249. கூட்டினால் 2991 கிலோஜூல். இவ்வளவையும் நாம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது படி, அந்த அணுக்களைக் கொண்டு எத்தனால் மூலக்கூறைக் கட்டுவது. இங்கே கட்டமைப்பை வரைந்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

[திரையில்: CH₃–CH₂–O–H, ஒவ்வொரு பிணைப்பும் தனி நிறத்தில்]

C–H எத்தனை? CH₃-ல் மூன்று, CH₂-ல் இரண்டு, மொத்தம் ஐந்து. மூலக்கூறில் ஆறு ஹைட்ரஜன் இருக்கிறதே என்று ஆறு C–H போட்டுவிடக் கூடாது. ஆறாவது ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கிறது. ஐந்து C–H 2065, ஒரு C–C 347, ஒரு C–O 358, ஒரு O–H 463. மொத்தம் 3233 கிலோஜூல் வெளிவருகிறது.

C₂H₆O என்ற வாய்ப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு C–H, இரண்டு C–O என்று எண்ணினால் 3194 வரும். அது டைமீத்தைல் ஈதர். அணுக்களின் எண்ணிக்கை அதேதான், மூலக்கூறு வேறு. விடை 39 கிலோஜூல் தள்ளிப்போய்விடும்.

[திரையில்: 2991 − 3233 = −242 kJ, எத்தனால் (g)]

உடைத்ததிலிருந்து உருவானதைக் கழிக்கிறோம். உருவாதல் என்தால்பிகளைக் கொடுத்துக் கேட்கும் கணக்குகளில் விளைபொருளிலிருந்து வினைபடுபொருளைக் கழிப்போம். இங்கே வரிசை தலைகீழ். பிணைப்பு ஆற்றல் என்பது உடைக்கும்போது ஆகும் செலவு, அதனால் வினைபடுபொருளின் பக்கம் முதலில் வருகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில்தான் +242 என்று எழுதுகிறார்கள். உடைக்கக் கொடுக்க வேண்டும், பிணைந்தால் திரும்பக் கிடைக்கும் என்று நினைத்துப் போட்டால் குறி தவறாது.

இன்னும் முடியவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது எத்தனால் ஆவி. கேட்டது திரவம். ஆவியாக 42 கொடுக்க வேண்டும் என்றால், ஆவி குளிர்ந்து திரவமாகும்போது 42 வெளிவரும். அதையும் சேர்த்தால்,

[திரையில்: −242 − 42 = −284 kJ, எத்தனால் (l)]

ஆ பிரிவின் விடை −284.

இடையில் பிழை செய்திருந்தால் எப்படித் தெரியும்? கிராஃபைட்டின் 1434-ஐ விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். ஆவி நிலைக்கு −1676 வரும். பார்த்தவுடனே சந்தேகம் வர வேண்டும். அதே கார்பனையும் ஹைட்ரஜனையும் முழுவதுமாக எரித்தாலே 787-உம் 857.4-உம் சேர்ந்து 1644.4 கிலோஜூல்தான் வெளிவரும். எத்தனால் என்பது பாதி வழியில் நிற்கும் பொருள், அதை எரித்தால் இன்னும் வெப்பம் வரும். பாதி வழியில் முழு வழியைவிட அதிக வெப்பம் வெளிவர முடியாது. ஆக்சிஜனை அரை மோலாக எடுக்காமல் முழு 498 போட்டிருந்தால் ஆவிக்கு +7 வந்திருக்கும். −277-க்குப் பக்கத்தில் வர வேண்டிய விடை பூஜ்ஜியத்தைச் சுற்றி நின்றால், உடைத்த பக்கத்தை மறுபடி எண்ணிப் பாருங்கள்.

அப்புறம், இ பிரிவு. −277.4 ஒரு பக்கம், −284 இன்னொரு பக்கம். கிட்டத்தட்ட 7 கிலோஜூல் வித்தியாசம். இது உங்கள் பிழை அல்ல.

[திரையில்:
CH₄ → CH₃ + H  439
CH₃ → CH₂ + H  462
CH₂ → CH + H  424
CH → C + H  338]

மீத்தேனிலிருந்து ஹைட்ரஜனை ஒவ்வொன்றாகப் பிய்த்தால் ஆகும் ஆற்றல் இது, கிலோஜூலில். நான்கும் C–H பிணைப்புதான், ஆனால் ஒன்று போல ஒன்று இல்லை. ஒரு ஹைட்ரஜன் போனதும் மிச்சமிருக்கும் துண்டு வேறு பொருளாகிவிடுகிறது. நான்கையும் கூட்டினால் 1663, நான்கால் வகுத்தால் சுமார் 416. நம் அட்டவணையில் இருப்பதோ 413. அது மீத்தேனுக்கு மட்டுமான எண் இல்லை, பல சேர்மங்களின் சராசரி. எத்தனாலில் இருக்கும் C–H அந்தச் சராசரியிலிருந்து கொஞ்சம் விலகித்தான் இருக்கும். ஐந்து C–H இருப்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு கிலோஜூல் விலகினாலே விடையில் ஐந்து மாறிவிடும். மூவாயிரத்துக்கு மேல் கூட்டிக் கழித்துவிட்டு ஏழில் வந்து நிற்கிறோம் என்றால், சராசரி மதிப்புகள் நன்றாகவே வேலை செய்திருக்கின்றன.

எரிதல் வெப்பங்களோ அந்தந்தப் பொருளை எரித்தே அளந்தவை. அதனால் −277.4-ஐத்தான் நம்ப வேண்டும். இந்த இரண்டு காரணங்களையும் எழுதினால் இ பிரிவு முடிந்தது. இதனால்தான் தேர்வில் கொடுத்த பிணைப்பு ஆற்றல்களையே பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஒரு புத்தகத்தில் C–H 413, இன்னொன்றில் 414 என்று இருக்கும். நினைவிலிருந்து எண்ணை எடுத்துப் போட்டால் விடை பொருந்தாது.

வித்தியாசம் பெரிதாக வரும் இடமும் உண்டு. பென்சீனில் இதே வழியைப் போட்டுப் பாருங்கள். மூன்று ஒற்றைப் பிணைப்பு, மூன்று இரட்டைப் பிணைப்பு என்று வரைந்து, C=C-க்கு 614 எடுத்தால், பென்சீன் ஆவியின் உருவாதல் என்தால்பி +249 வரும்.

[திரையில்: 5610 − 5361 = +249 kJ, அளந்த மதிப்பு +83 kJ]

அளந்த மதிப்பு +83 தான். 166 கிலோஜூல் வித்தியாசத்தைச் சராசரி மீது போட முடியாது. நாம் வரைந்த கட்டமைப்பே பென்சீனுக்குப் பொருந்தவில்லை, உண்மையான மூலக்கூறு அதைவிட அவ்வளவு நிலைப்புத்தன்மை கொண்டது. ஹைட்ரஜனேற்ற வெப்பத்தை வைத்து இதே நிலைப்புத்தன்மையைக் கணக்கிட்டால் சுமார் 152 வரும். அந்த வழியில் வளைய ஹெக்சீனின் ஹைட்ரஜனேற்றத்துக்கு அளந்த 120-ஐ மூன்று மடங்காக்கி, அதிலிருந்து பென்சீனுக்கு அளந்த 208-ஐக் கழிக்கிறார்கள். சராசரிப் பிணைப்பு ஆற்றல் எதுவும் அதில் நுழைவதில்லை. எனவே இரண்டும் கேள்வியில் வந்தால் 152-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.