ஒரு கன மீற்றருக்கு எத்தனை கிலோ கம்பி? சிலாப்பும் பீமும் தூணும் ஏன் ஒரே கணக்கில் வராது

[காட்சி: மலைச்சரிவில் பாதி எழும்பிய வீடு. பலகை அடித்த சிலாப்பின் மேல் கம்பிக்கட்டு. தூரத்தில் மூடுபனி.]

ஹட்டன் பக்கம் ஒரு வீடு. கீழே ஒரு மாடி, மேலே பிறகு இன்னொன்று எடுக்கும் யோசனை. 9 தூண், 46 மீற்றர் பீம், எட்டுக்கு ஏழு மீற்றரில் ஒரு சிலாப். கம்பிக்குக் கணக்குப் போட்டது நான்தான். வேலைக்குச் சேர்ந்து அப்போது சில மாதம்கூட ஆகவில்லை. மொத்தக் கொங்கிரீட் 10.2 கன மீற்றர் என்று எடுத்தேன். கன மீற்றருக்கு 100 கிலோ என்று எங்கேயோ கேட்டிருந்தேன். பெருக்கி 1,020 கிலோ எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தூணுக்கும் பீமுக்கும் 16, 12 மில்லிக் கம்பியைத் தேவைக்கு எடுத்தார்கள். மிச்சத்துக்கு 10 மில்லி வாங்கினார்கள். சிலாப்பின் அடிக்கம்பியே முழுதாய்க் கட்டி முடியவில்லை, கம்பி தீர்ந்துவிட்டது. ஜூன் மாதம், மழை விட்டபாடில்லை. பாஸ் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, ஆறு இஞ்சியில கட்டுறத எட்டு இஞ்சியாக்கிட்டா சமாளிச்சிடலாமே?” என்று கேட்டார். அப்படிக் கட்டினால் அந்தப் பக்கத்துக் கம்பியில் நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். நல்லவேளை, வரைபடம் போட்ட பொறியியலாளர் போனிலேயே மறுத்துவிட்டார். டவுனிலிருந்து லொறி மறுபடி ஏற இரண்டு நாள். அதுவரை பலகை மழையில் ஊறியது.

100 கிலோ என்பது பொய்யான எண் அல்ல. அதை எல்லாவற்றுக்கும் பொதுவாய்ப் போட்டதுதான் பிழை. சின்ன வீட்டு வேலைகளில் கையோடு வைத்திருக்கக்கூடிய எண்கள் இவை.

[திரையில்: சிலாப் 80 – 100. பீம் 120 – 160. தூண் 150 – 200. (கிலோ / கன மீற்றர்)]

மேல்மாடிகள் கூடினால் தூணின் எண் 250ஐயும் தாண்டும். இது வீட்டுக் கணக்கு, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். இரும்பு ஒரு கன மீற்றர் 7,850 கிலோ. அப்படியென்றால் கொங்கிரீட்டுக்குள் 1 சதவீதம் இரும்பு இருந்தால், கன மீற்றருக்கு 78.5 கிலோ. தோராயமாய் 80 என்று வையுங்கள். இனி யாராவது “கன மீற்றருக்கு 160” என்று சொன்னால், கொங்கிரீட்டில் 2 சதவீதம் இரும்பு என்று சொல்கிறார் என்றுதான் அர்த்தம்.

கம்பியின் எடைக்கு ஒரு சூத்திரம் உண்டு. விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் மீற்றருக்கு எத்தனை கிலோ என்று வரும். 10 மில்லி 0.62, 12 மில்லி 0.89, 16 மில்லி 1.58. சரி, இப்போது அந்த ஹட்டன் வீட்டையே பிரித்துப் பார்ப்போம்.

[காட்சி: சிலாப்பில் ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரம் சிவப்புக் கோட்டால் அடையாளம்.]

சிலாப் தடிப்பு 125 மில்லி, அதாவது ஐந்து இஞ்சி. இந்தச் சதுரத்துக்குள் கொங்கிரீட் 0.125 கன மீற்றர். அடியில் ஒரு திசையில் 10 மில்லி, 150 மில்லி இடைவெளியில்: 4.1 கிலோ. குறுக்கே 200 இடைவெளியில்: 3.1 கிலோ. பீம்களுக்கு மேலே வரும் மேல்கம்பி, ஒரு கம்பி முடியும் இடத்தில் அடுத்த கம்பியை ஒட்டிக் கட்டும் ஓவர்லாப் எல்லாம் சேர்த்துச் சராசரியாய் 10 கிலோ ஆகிறது. பத்தை 0.125ஆல் வகுங்கள். 80.

ஏன் இவ்வளவு குறைவு? சிலாப்பின் தடிப்பைப் பெரும்பாலும் பலம் தீர்மானிப்பதில்லை. நடுவில் தொய்யக்கூடாது, கம்பியை மூடப் போதிய கொங்கிரீட் கவர் இருக்க வேண்டும், அதற்காகத்தான் அத்தனை தடிப்பு. பாரமோ அகலம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ஆக, கொங்கிரீட் நிறைய, கம்பி அடியிலும் மேலேயும் மெல்லிய படையாய்க் கொஞ்சம். கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையமான ஸ்டிரப் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே கம்பியை வைத்துக்கொண்டு சிலாப்பை ஆறு இஞ்சியாய் ஊற்றினால், கன மீற்றருக்கு 80 என்பது 67 ஆகிவிடும். கம்பி ஒரு துண்டும் குறையவில்லை, கொங்கிரீட்தான் கூடியது. எண் குறைவாய் வந்தால் யாரோ கம்பியைத் தின்றுவிட்டார் என்று உடனே சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் தடிப்பை அளந்து பாருங்கள்.

[காட்சி: பீமின் கம்பிக்கூடு, ஸ்டிரப்புகள் வரிசையாய்.]

அடுத்து பீம். ஒன்பது இஞ்சிக்குப் பன்னிரண்டு, அதாவது 225க்கு 300. ஒரு மீற்றர் நீளத்தில் கொங்கிரீட் 0.0675 கன மீற்றர். அடியில் மூன்று 16 மில்லி, மேலே இரண்டு 12 மில்லி: 6.5 கிலோ. 6 மில்லி ஸ்டிரப், 150 இடைவெளியில்: 1.4 கிலோ. தூண்களுக்கு மேலே கூடுதல் கம்பி, ஓவர்லாப் சேர்த்தால் 9 கிலோ. வகுத்தால் 133.

சிலாப் அகலமாய்ச் சுமந்துவந்த பாரத்தையெல்லாம் பீம் ஒன்பது இஞ்சி அகலத்துக்குள் வாங்கிக்கொள்கிறது. அடியில் இழுவிசை அவ்வளவும் அந்த மூன்று கம்பியில் இறங்குகிறது. அதோடு தூணை நெருங்க நெருங்கச் சாய்வாய் வெடிக்கப் பார்க்கும். அதைப் பிடிக்கத்தான் ஸ்டிரப். சிலாப்பில் இல்லாத செலவு இது.

பீமில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். சிலாப் கொங்கிரீட்டை அளக்கும்போது எட்டுக்கு ஏழு என்று பீமின் மேலேயும் சேர்த்து அளந்துவிடுகிறோம். பிறகு பீமை அளக்கும்போது சிலாப்புக்குக் கீழே தொங்கும் பகுதியை மட்டும் எடுக்கிறோம்: 300இல் 125 போக 175. கொங்கிரீட் வாங்க அது சரியான அளவுதான். இரட்டிப்பாய் எண்ணக் கூடாதே. ஆனால் கம்பிக்கு அதையே எடுத்தால்? 46 மீற்றர் பீமில் தொங்கும் பகுதி 1.81 கன மீற்றர்தான். 133ஆல் பெருக்கினால் 241 கிலோ. உண்மையில் தேவை 414 கிலோ. 170 கிலோவுக்கு மேல் காணாமல் போகிறது. 120 – 160 என்ற எண் பீமின் முழு உயரத்துக்குச் சொல்லப்பட்டது. தொங்கும் பகுதியை மட்டும் வைத்துப் பார்த்தால் அதே பீம் 230 காட்டும். யாராவது பீமுக்கு 230 என்று சொன்னால், எந்த உயரத்தை அளந்தார் என்று கேளுங்கள்.

[காட்சி: சரிவின் கீழ்ப்பக்கத்தில் உயரமான தூண்கள், மேல்பக்கத்தில் குட்டையான தூண்கள்.]

தூண், ஒன்பதுக்கு ஒன்பது. மீற்றருக்கு 0.0506 கன மீற்றர். நாலு மூலையிலும் 16 மில்லி: 6.3 கிலோ. வளையம் 1.1 கிலோ. இதுவரை வகுத்தால் 147. பீமைவிடக் கொஞ்சம்தான் கூட.

அப்புறம் வருகிறது ஓவர்லாப். ஒவ்வொரு மாடியிலும் கீழ்த்தூணின் கம்பி மேலே நீட்டிக்கொண்டு வந்து அடுத்த கம்பியோடு சேர வேண்டும். விட்டத்தைப் போல் 45 மடங்கு என்றால் 16 மில்லிக்கு 720 மில்லி. நாலு கம்பிக்கும் சேர்த்து 4.5 கிலோ. மூன்று மீற்றர் தூணுக்கு இதைப் பகிர்ந்தால் மீற்றருக்கு ஒன்றரை கிலோ. 147 என்றிருந்தது 177க்கு ஏறிவிட்டது. பீமிலும் சிலாப்பிலும் ஓவர்லாப் உண்டுதான், ஆனால் மூன்று மீற்றருக்கு ஒரு தடவை எல்லாக் கம்பியும் இரட்டிப்பாவது தூணில்தான். கணக்கில் மறந்துபோவதும் இதுதான்.

மற்றக் காரணம் நேரடியானது. வீட்டின் பாரம் முழுக்கக் கடைசியில் அந்த ஒன்பது இஞ்சிச் சதுரத்துக்குள் இறங்குகிறது. அறைக்குள் இடத்தை அடைக்கக்கூடாது என்று தூணைச் சிறிதாய் வைக்கிறோம், அதனால் கம்பி கூடித்தான் ஆக வேண்டும். வளையங்களை நெருக்கமாய்க் கட்டுவது, பாரம் ஏறும்போது நெடுக்குக் கம்பி வெளியே பிதுங்காமல் இருக்க. 16 மில்லிக்கு இடைவெளி 192க்கு மேல் போகக்கூடாது என்று பழைய பிரித்தானிய விதி BS 8110 சொல்கிறது, கம்பி விட்டத்தின் 12 மடங்கு. மூலைக்கம்பி 12 மில்லி என்றால் 144தான். அந்த இடத்தில் 150 போட்டாலே மீறியதாகிவிடும்.

மூலைக்கம்பியை 12 மில்லியாய் மாற்றினால் மொத்தம் 105க்கு இறங்கிவிடும். ஆகவே “தூண் 150 – 200” என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். மூலையில் என்ன கம்பி என்று முதலில் பாருங்கள்.

மலைச்சரிவில் இன்னொன்று. கீழ்ப்பக்கத் தூண்கள் இரண்டு மூன்று மீற்றர் நீண்டுவிடும். கன மீற்றருக்கான எண் அவ்வளவாய் மாறாது, ஆனால் மொத்த நீளம் மாறும். ஒன்பது தூணும் ஒரே உயரம் என்று எடுத்தால் 16 மில்லியில் குறைவு விழும். நீளமான தூணுக்குப் பொறியியலாளர் கம்பியைக் கூட்டவும் கூடும், அப்போது எண்ணும் ஏறும். மண் தாங்கும் சுவரை இந்த எண்களோடு சேர்க்கவே வேண்டாம், அதற்குத் தனிக் கணக்கு.

[திரையில்: சிலாப் 7.0 × 80 = 560. பீம் 3.11 × 133 = 414. தூண் 1.37 × 177 = 242. மொத்தம் 1,216 கிலோ.]

நான் கொடுத்தது 1,020. கிட்டத்தட்ட 200 கிலோ குறைவு. 1,216ஐ, பீமின் தொங்கும் பகுதியை மட்டும் எண்ணிய அந்த 10.2ஆல் வகுத்தால் சராசரி 119 வருகிறது. அடுத்த வீட்டுக்கு 119 போடலாமா என்று கேட்காதீர்கள். அங்கே தூண் அதிகமாய் இருந்தால் அதுவும் போதாது, சிலாப் பெரிதாய் இருந்தால் அது அதிகம்.

பாஸ்மாருக்கு மீற்றரைவிடக் கியூப்தான் கைவந்தது. ஒரு கியூப், 100 கன அடி, 2.83 கன மீற்றர். அந்த வீட்டுக் கணக்கைக் கியூப்பில் சொன்னால் சிலாப் 225 கிலோ, பீம் 375, தூண் 500. இது ஊற்றி முடிந்த கொங்கிரீட்டின் கியூப். மணலும் கல்லும் இறக்கிய கியூப்பை எண்ணிப் பெருக்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

இந்த எண்களை வைத்துப் பணத்துக்குத் திட்டம் போடுங்கள், ஒப்பந்தக்காரர் கொடுத்த கணக்கைச் சரிபாருங்கள். கடைக்குப் போகும்போது இது உதவாது. 1,216 கிலோவில் 16 மில்லி எத்தனை, 10 மில்லி எத்தனை என்று இந்த எண் சொல்லாது. வரைபடத்தைப் பார்த்து, விட்டம் விட்டமாய்ப் பிரித்து, எத்தனை கம்பி என்று எழுதிக்கொண்டு போங்கள். இறக்கும்போது ஒரு கம்பியை எடுத்துத் தராசில் வையுங்கள். ஆறு மீற்றர் 12 மில்லிக் கம்பி 5.3 கிலோ இருக்க வேண்டும். நாலரைதான் காட்டுகிறது என்றால் அதை லொறியிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.