தானாக நின்ற ரத்தம்

நேயர்களுக்கு வணக்கம். சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டாஸ்கோப்பி பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெயரைக் கேட்டதுமே காலை ஒடுக்கிக்கொண்டு உட்காரும் ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்த ஒருவரின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

லாரி ஓட்டுநர். 58 வயது, முப்பது வருடப் பீடிப் பழக்கம். ஒருநாள் விடியற்காலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கியவருக்குச் சிறுநீர் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி போயிருக்கிறது. வலியில்லை, எரிச்சல் இல்லை. "என்ஜின் சூடு சார், வேற என்ன" என்று முடிவுகட்டி, இரண்டு நாள் இளநீரும் நீர்மோருமாகக் குடித்தார். மூன்றாம் நாள் நிறம் தெளிந்துவிட்டது. மோர் கேட்டது என்று சந்தோஷம். நாலு மாதம் கழித்து மறுபடி சிவப்பு. மறுபடி மோர். மறுபடி நின்றது.

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்கப் போகிறேன். சிறுநீர்ப்பையில் வரும் கட்டி பெரும்பாலும் காம்பு வைத்த சின்னக் காலிஃபிளவர் துண்டு மாதிரி இருக்கும். அதன் ரத்தநாளங்கள் மிகவும் மெல்லியவை, வலுவில்லாதவை. பை சுருங்கும்போது ஏதாவது ஒன்று கிழியும், ரத்தம் கசியும், பிறகு உறைந்து தானாகவே நிற்கும். அந்த இரண்டு நாளில் நாம் எதைக் குடித்தோமோ, பேர் அதற்குப் போய்விடுகிறது. வலியோடு ரத்தம் வந்தால் கல்லாக இருக்கலாம், எரிச்சலோடு வந்தால் கிருமியாக இருக்கலாம். வலியே இல்லாமல் வந்து, தானே நிற்கிற ரத்தத்துக்குத்தான் நான் பயப்படுவேன். இன்னொரு தடவை சொல்கிறேன்: நின்றுவிட்டது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

அவர் கையில் ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. "நார்மல்னு போட்டிருக்கு, பிறகு எதுக்கு டாக்டர் குழாய்?" நியாயமான கேள்விதான். வயிற்றுக்கு மேலே வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் சின்னக் கட்டியும், சுவரோடு படிந்த தட்டையான கட்டியும் தப்பிவிடலாம்; பை நிறையாமல் இருந்தால் இன்னும் சுலபமாகத் தப்பும். அதனால்தான் உள்ளே போய்ப் பார்க்கிறோம்.

முதலில் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பரிசோதித்தோம். கிருமி இருக்கும்போது குழாய் விட்டால் அது ரத்தத்தில் கலந்துவிடக்கூடும். முதலில் மருந்து கொடுத்து அதைச் சரிசெய்ய வேண்டும். அவர் இதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டுவந்தார். அதை நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தானாக நிறுத்திவிட்டு வந்து நெஞ்சுவலியில் படுத்தவர்கள் உண்டு.

வளையும் குழாய் என்பதால் அவர் இட்லி சாப்பிட்டுவிட்டே வந்தார். குழாய் பென்சிலை விடச் சற்று மெலிது. மரத்துப்போகச் செய்யும் ஜெல்லியைச் சிறுநீர் வழியில் செலுத்தி ஐந்து, பத்து நிமிடம் காத்திருந்தோம். காத்திருக்காமல் அவசரப்பட்டால்தான் வலிக்கும். ஓரிடத்தில், சிறுநீரை அடக்கி வைக்கும் தசையைத் தாண்டும்போது, சுருக்கென்று இருக்கும். "மூச்சை நல்லா விடுங்க, ஒன்னுக்குப் போற மாதிரி தளர்த்துங்க" என்றேன். கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே இருந்தார், தாண்டிவிட்டது. பெண்களுக்கு வழி நாலு சென்டிமீட்டர்தான், இந்தச் சிரமம் குறைவு.

பிறகு உப்புநீரை விட்டுப் பையை விரிக்க வேண்டும். முட்டிக்கொண்டு வருவது போல இருக்கும், அது இயல்பு. அவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம், சிறுநீரகத்திலிருந்து குழாய் வந்து திறக்கும் வாய்க்கு அருகில், கொண்டைக்கடலை அளவில் தண்ணீரில் அசைந்தது. "அதுதானா சார்?" என்றார். அதுதான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த வாரம் முதுகில் ஊசி போட்டு, அதே வழியாக, கத்தி படாமல் சுரண்டி எடுத்தோம். கட்டி பையின் மேல்படலத்தோடு நின்றிருந்தது, ஆழமாக இறங்கவில்லை. ஆனால் இது திரும்ப முளைக்கும் சாதி. மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும்.

எல்லா ஊரிலும் வளையும் குழாய் இருக்காது. கம்பி மாதிரி விறைப்பான குழாய் என்றால் பெரும்பாலும் முதுகில் ஊசி போடுவார்கள். அதற்கு ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும், வீட்டுக்கு அழைத்துப்போக ஆளும் வேண்டும்.

நேரம் ஆகிவிட்டதாகக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். குழாய் விட்டுப் பார்த்த பிறகு ஓரிரு நாள் எரியும், லேசான ரோஸ் நிறம் வரலாம், தண்ணீர் குடித்தால் போதும். குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, கட்டி கட்டியாக ரத்தம் போனாலோ, சிறுநீரே வராமல் அடைத்துக்கொண்டாலோ ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சிறுநீரகக் கல் ஆபரேஷனில், சிறுநீர் தடையில்லாமல் இறங்க உள்ளே வைக்கும் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயையும் பெரும்பாலும் இந்த சிஸ்டாஸ்கோப்பி மூலம்தான் எடுக்கிறோம். மறந்துவிட்டால் அதன்மேலேயே கல் படியும். எடுக்க வேண்டிய தேதி டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும், இன்றைக்கே தேடிப் பாருங்கள். வணக்கம்.