நீல வெளிச்சம் எதையும் சொல்வதில்லை

நேயர்களுக்கு வணக்கம். புற ஊதாக் கதிரால் கிருமியை முடக்கும் யு.வி. குடிநீர்க் கருவி பல வீடுகளில் இருக்கிறது. அதன் மூடியைத் திறந்தால், ஓரத்தில் ஒரு துளை வழியே இளநீல வெளிச்சம் தெரியும். “விளக்கு நல்லாத்தானே எரியுது, எதுக்கு மாத்தணும்?” என்ற கேள்வி அதைப் பார்த்துத்தான் வருகிறது. இன்றைய பேச்சு அந்த வெளிச்சத்தைப் பற்றியதுதான்.

கிருமியை முடக்கும் புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதன் அலைநீளம் ஏறக்குறைய 254 நானோமீட்டர். விளக்குக்குள் இருக்கும் பாதரச ஆவி இந்தக் கதிரை உமிழும்போதே கொஞ்சம் நீல ஒளியையும் உமிழ்கிறது. நாம் பார்ப்பது அந்த நீலத்தை மட்டும்தான். நாளாக நாளாக விளக்கின் குவார்ட்ஸ் சுவரில் உள்பக்கமாகப் பாதரசம் படிந்து கறுக்கிறது, குவார்ட்ஸும் கதிரை விடும் தன்மையில் சிறிது இழக்கிறது. நீல ஒளி அந்தச் சுவரைத் தாண்டி வெளியே வந்துவிடும். புற ஊதாக் கதிர்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும். அதனால் பார்வைக்குப் புதிது போலவே எரியும் விளக்கு, வேலையில் பாதியளவு தளர்ந்திருக்கக்கூடும். சில கருவிகளில் விளக்கு கெட்டால் ஒலியெழுப்பும் வசதி இருக்கிறது. பெரும்பாலும் அது சோக்கிலிருந்து விளக்குக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. கதிர் எவ்வளவு வருகிறது என்று அளக்கத் தனி உணர்கருவி வேண்டும், வீட்டுக் கருவிகளில் அது அரிது.

இவ்வகை விளக்குகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 8,000 முதல் 9,000 மணி நேரம். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். ஆகவே இரவு பகலாக எரியும் கருவியில், பன்னிரண்டு மாதம் முடிந்தால் பேச்சில்லாமல் மாற்றிவிட வேண்டியதுதான். குழாயைத் திறக்கும்போது மட்டும் எரியும் கருவியில் கணக்கு வேறு. எரியும் நேரம் குறைவு, ஆனால் ஒவ்வொரு முறை பற்றிக்கொள்ளும்போதும் இரு முனைகளிலும் உள்ள இழைப் பூச்சு கொஞ்சம் உதிர்கிறது. ஒரு நாளில் ஐம்பது முறை திறந்து மூடினால் ஐம்பது அடி. இதில் மணிக் கணக்கை நம்பாமல், கையேடு சொல்லும் கெடுவை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே முனைகள் கறுத்திருந்தாலோ, பற்றத் தாமதமானாலோ, மினுக்கினாலோ மாற்றிவிடுங்கள்.

இனி தண்ணீர். விளக்கு புதிதாக இருந்தாலும் கதிர் தண்ணீரைக் கடந்துதானே கிருமியை அடைய வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளக்குக்கும் எஃகுக் குழாயின் சுவருக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் என்று வையுங்கள். தெளிந்த நீர் ஒரு சென்டிமீட்டருக்கு 95 விழுக்காடு கதிரை விடுகிறது என்றால், சுவரோரத்தை 90 விழுக்காடு எட்டும். மழைக்காலக் கலங்கலில் அந்த 95, 80 ஆகிவிட்டால் சுவரோரத்துக்குப் போவது 64 தான். புது விளக்கும் தெளிந்த நீருமாக இருக்கும்போது சுவரோரத்தில் கிடைக்கும் கதிரளவு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 மில்லிஜூல் என்று கொள்வோம். பாதுகாப்புக்குப் பலரும் எடுத்துக்கொள்ளும் அளவு 40. விளக்கு மட்டும் 70 விழுக்காட்டுக்குத் தளர்ந்தால் 42 கிடைக்கும். தண்ணீர் மட்டும் கலங்கினாலும் ஏறக்குறைய அதே 42. தனித்தனியாகத் தப்பிவிடலாம். பழைய விளக்கும் கலங்கல் நீரும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் 30 தான் மிஞ்சும், 40-க்கு நன்றாகக் கீழே.

கலங்கல் இன்னொரு வேலையும் செய்கிறது. மண் துகளுக்குள்ளோ அதன் பின்புறமோ ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமிக்கு அந்தத் துகளே குடை. விளக்கு எவ்வளவு வலுவாக இருந்தாலும் நிழலில் இருப்பதைத் தொடாது. கலங்கலை அளக்கும் அலகு என்.டி.யு. யு.வி. கருவிக்குள் போகும் நீரின் கலங்கல் ஒரு என்.டி.யு.வுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். நம் கண்ணுக்குக் கலங்கல் தெரிய ஆரம்பிப்பதே நான்கு என்.டி.யு. அளவில். கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்த்தாலே மங்கலாகத் தெரிந்தால், எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது என்று பொருள்.

தெளிவாகத் தெரிவதாலேயே நல்ல நீர் என்றும் சொல்லிவிட முடியாது. சில போர்வெல் நீரில் இரும்பு கரைந்திருக்கும். இறைத்தவுடன் கண்ணாடி போல இருக்கும், வெள்ளை வாளியில் ஓர் இரவு வைத்தால் மஞ்சளாகி அடியில் துருப் படியும். கரைந்த இரும்பு கதிரை உறிஞ்சிக்கொள்ளும். அதோடு விளக்கைச் சுற்றியிருக்கும் குவார்ட்ஸ் உறையில் செம்பழுப்பாகப் படியும். கடின நீராக இருந்தால் வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதைப் போல வெள்ளைச் சுண்ணாம்பு படியும். இரும்பு இருக்கும் இடத்தில் முதலில் இரும்பு நீக்கும் வடிகட்டி, கடின நீரென்றால் மென்மையாக்கி, அதற்குப் பிறகுதான் யு.வி.

அவசரத்துக்கு என்ன செய்யலாம்? கலங்கல் நீரை மூடிய பாத்திரத்தில் தெளிய விட்டு, மேல் நீரை மட்டும் எடுத்துக் கருவிக்குள் விடுங்கள். முன்னால் இருக்கும் 5 மைக்ரான் வடிகட்டி பழுப்பேறியிருந்தால் மாற்றுங்கள். கார்பன் வடிகட்டியைப் புதிதாகப் போட்டால், கரும்பொடி வருவது நிற்கும்வரை நீரை வெளியே விடுங்கள். அந்தப் பொடியும் கலங்கல்தான். குழாயைப் பாதி திறந்து மெதுவாகப் பிடித்தால் நீர் விளக்கோரம் இரண்டு மடங்கு நேரம் தங்கும், கதிரும் இரு மடங்கு கிடைக்கும். துகளுக்குள் இருக்கும் கிருமிக்கு இது உதவாது. கலங்கல் வரும் நாட்களில், தெளிய வைத்த நீரை, கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க வைத்துக் குடிப்பதே மேல்.

விளக்கை நீங்களே மாற்றுவதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள், நீர் வரும் வால்வை அடைத்து, குழாயைத் திறந்து அழுத்தத்தை வடியுங்கள். எரியும் விளக்கைக் கண்ணால் பார்க்கக் கூடாது, தோலிலும் படக் கூடாது. நான்கு பின் கனெக்டரைக் கழற்றி விளக்கை நேராக இழுங்கள். உறையின் உள்ளே ஈரம் இருந்தால் ரப்பர் வளையம் தளர்ந்திருக்கிறது, அதையும் மாற்றுங்கள். உறையில் படிவு இருந்தால் வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊற வைத்து மென்துணியால் துடையுங்கள். ஸ்கிரப்பர் வேண்டாம், கீறல் விழும். புது விளக்கைத் துணியால் முனையைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.

வாங்கும்போது அதே வாட், அதே நீளம், அதே பின் என்பதோடு 254 நானோமீட்டர் வகைதானா என்று கேளுங்கள். பூச்சி பிடிக்கும் கருவியின் குழல் விளக்கும் நீலமாகத்தான் எரியும். அது வேறு அலைநீளம், கிருமிக்கு உதவாது. மாட்டிய தேதியை மார்க்கரால் கருவியின் உடம்பிலேயே எழுதிவைத்து, முதல் இரண்டு நிமிட நீரைக் கீழே விட்டுவிடுங்கள். பழைய விளக்கில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் தாளில் சுற்றி, குப்பையோடு போடாமல், மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் தாருங்கள். தவறி உடைந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டு, துடைப்பம் போடாமல், தடித்த அட்டையால் கூட்டி எடுத்து மூடிய டப்பாவில் வையுங்கள்.