பேப்பர் தட்டுத் தொழில்: மெஷினைவிட முதலில் பேப்பரை எடை போடுங்கள்

[காட்சி: சின்ன ஷெட். ஹைட்ராலிக் மெஷின் இறங்கி ஏறுகிறது. சூடான தட்டு ஒன்று கையில்.]

வணக்கம். என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, கப் மெஷின் போடலாமா, தட்டு மெஷின் போடலாமா?" என்றுதான். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கேட்டால் நான் சொல்வது: தட்டு. காரணம் லாபம் இல்லை, சட்டம்.

2018 ஜூன் மாதம் போட்ட அரசாணைப்படி, 2019 ஜனவரி 1 முதல் இங்கே பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப், பேப்பர் தட்டு இரண்டுக்கும் தடை. கப் தயாரிப்பாளர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2023 அக்டோபரில் கப் மீதான தடை செல்லும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. டீக்கடையில் இன்னும் கப் ஓடுகிறதே என்று கேட்காதீர்கள். ஓடுவது வேறு, ஐந்து லட்சத்துக்கு மேல் கடன் வாங்கி மெஷின் போட்டுவிட்டு, ரெய்டு வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்வது வேறு.

[காட்சி: கப்பின் பக்கத் தையல், நெருக்கத்தில்.]

பூச்சில்லாத பேப்பரில் கப் போட முடியாதா? அந்த மெஷினில் முடியாது. கப்பின் பக்கத்தை ஒட்டுவது பசை இல்லை. பேப்பர் மேல் இருக்கிற பாலித்தீன் படலம் சூட்டில் உருகி, அதுவேதான் ஒட்டுகிறது. அடிப்பாகமும் அப்படித்தான். பூச்சை எடுத்துவிட்டால் கப்பே நிற்காது. நீர் கலந்த பூச்சு போட்ட பேப்பர் வருகிறது. ஆனால் அதற்குச் சூடு, அழுத்தம் எல்லாம் வேறு செட்டிங். சப்ளையர் 'இதில் பிளாஸ்டிக் இல்லை' என்றால் சோதனை அறிக்கையை வாங்கி, உங்கள் மாவட்ட மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்ட பிறகு பணம் கட்டுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சாம்பிள் பேப்பரை வெந்நீரில் ராத்திரி ஊறவிட்டு, காலையில் விரலால் தேயுங்கள். பேப்பர் கூழாகி, கண்ணாடி போல மெல்லிய தோல் ஒன்று தனியே உரிந்து வந்தால் அது பிளாஸ்டிக். வெள்ளிப் பேப்பர் தட்டு, வாழை இலை மாதிரி பச்சையாக அச்சடித்த தட்டு இரண்டையும் இப்படி ஊறவைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தோல் உரியும்.

சரி, தட்டுக்கு வருவோம். தட்டில் எதையும் ஒட்ட வேண்டியதில்லை, சூடான மெஷினில் அழுத்தினாலே வடிவம் வந்துவிடும். அதனால் பூச்சில்லாத பேப்பரிலேயே போடலாம். தட்டுக்கு வடிவம் தரும் அச்சைத்தான் டை என்கிறோம். ஒரு டை உள்ள சாதாரண மெஷின் அரை லட்சம் ரூபாய் பக்கத்தில் கிடைக்கும். இரண்டு டை ஹைட்ராலிக் என்றால் ஒரு லட்சத்தைத் தாண்டும். அளவு மாற்ற ஒவ்வொரு டையும் தனி விலை. "மெஷினை வாங்குங்க, தட்டை நாங்களே திருப்பி வாங்கிக்கிறோம்" என்று ஒரு பேச்சு வரும். நானும் அதில் ஒருமுறை மாட்டினேன். முதல் லோடை வாங்கினார்கள், இரண்டாவது லோடில் 'தரம் சரியில்லை' என்றார்கள், மூன்றாவதுக்கு போனே எடுக்கவில்லை. மெஷின் விற்கிறவருக்குத் தட்டு வியாபாரம் தேவையில்லை. அவர் வேலை மெஷினோடு முடிந்துவிட்டது.

[காட்சி: பேப்பர் ஷீட் மேல் பென்சிலால் வட்டம்.]

இப்போது பேப்பர். இந்தத் தொழிலின் லாபமும் நஷ்டமும் இங்கேதான். 250 ஜி.எஸ்.எம். போர்டில் 12 இஞ்ச் வட்டம் வெட்டுகிறோம் என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டர் 250 கிராம் என்பதுதான் அதற்கு அர்த்தம். 12 இஞ்ச் சதுரத்துக்கு 23 கிராம் பேப்பர் போகும். அதிலிருந்து வட்டம் எடுத்தால் தட்டில் இருப்பது 18 கிராம், மீதி 5 கிராம் மூலைத்துண்டு. நூற்றுக்கு இருபத்தொன்று கழிவு. வட்டங்களை நேர் வரிசையாக வைக்காமல், தேன்கூடு மாதிரி இடைவெளியில் தள்ளி வைத்து வெட்டினால் கொஞ்சம் மிச்சமாகும்.

ஆயிரம் தட்டுக்குக் கணக்கு போடுவோம். கிலோ 75 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், நீங்கள் உங்கள் ஊர் விலையைப் போடுங்கள். 23.25 கிலோவுக்கு 1,744 ரூபாய். மூலைத்துண்டைப் பழைய பேப்பர் கடையில் போட்டால் 60 ரூபாய் திரும்பும். ஒரு நாளைக்கு 5,000 தட்டு, இரண்டு ஆள் என்றால் கூலி ஆயிரத்துக்கு 240. கரண்ட், வாடகை, பேக்கிங், வீணாகும் தட்டு எல்லாம் சேர்த்து இன்னொரு 170. ஆக, தட்டு ஒன்றுக்கு 2 ரூபாய் 10 காசு. 2.60-க்கு விற்றால் 50 காசு நிற்கும்.

[காட்சி: நகைக்கடைத் தராசு, அதில் சின்னப் பேப்பர் துண்டு.]

அந்த 50 காசு எப்படிக் காணாமல் போகிறது என்று பாருங்கள். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டி, நகைத்தராசில் வைக்கிறேன். 250 ஜி.எஸ்.எம். என்றால் 2.50 கிராம் காட்ட வேண்டும். இது 2.65 காட்டுகிறது. அதாவது 265 ஜி.எஸ்.எம். நாம் வாங்குவது கிலோ கணக்கு, விற்பது எண்ணிக்கைக் கணக்கு. அதே விலையில் ஆயிரம் தட்டுக்கு 105 ரூபாய் கூடுதலாகப் போயிற்று, லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எடை குறைந்தால் காசு மிஞ்சும், ஆனால் தட்டு தொய்யும். தராசு 500 ரூபாய்க்கே கிடைக்கிறது, மெஷினுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

இன்னொன்று, ஏற்கெனவே அச்சடித்த மீதிப் பேப்பர் மலிவாக வரும். அச்சு மை சாப்பாட்டில் படக்கூடாது. அச்சுப் பக்கம் கீழே இருந்தாலும், அடுக்கி வைக்கும்போது கீழே உள்ள தட்டின் மேல் மை ஒட்டும். உணவுக்கு உரியது என்று எழுதித் தரும் பேப்பரையே எடுங்கள்.

மெஷின் ஓட்டும்போது விளிம்பு வெடித்தால், பேப்பர் காய்ந்துவிட்டது அல்லது டை சூடு அதிகம். சித்திரை வெயிலில் இது அடிக்கடி வரும். பேப்பர் கட்டைப் பிரிக்காமல் வையுங்கள், டை சூட்டைக் கொஞ்சம் குறையுங்கள். ஐப்பசி மழையில் நேர்மாறு. அழுத்தியபோது வடிவம் வரும், ஆறினதும் தட்டு விரிந்து தட்டையாகிவிடும். அது ஈரம்.

[காட்சி: சமையல் கூடம். மாஸ்டர் தட்டில் பொங்கல் வைத்து சாம்பார் ஊற்றுகிறார்.]

விற்பனை. கேட்டரிங் முதலாளியிடம் விலைப்பட்டியல் கொடுப்பதற்கு முன், சமையல் கூடத்தில் மாஸ்டரிடம் இருபது தட்டு கொடுங்கள். அவர் சூடாகப் பொங்கல் வைப்பார், சாம்பார் ஊற்றுவார், ஒரு கையில் ஓரத்தைப் பிடித்துத் தூக்குவார். பூச்சில்லாத தட்டு ரசத்துக்கும் பாயசத்துக்கும் தாங்காது. அதை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். உங்கள் இடம் பந்தி இல்லை, அங்கே வாழை இலைதான். மாலை ரிசப்ஷன் டிபன், சுண்டல், பஜ்ஜி, கேக் இவைதான் நம்முடையவை. ஈரம் கேட்கிறவருக்குப் பாக்குமட்டைத் தட்டை வாங்கி விற்றுக் கொடுங்கள், கௌரவக் குறைச்சல் இல்லை.

கட்டுக்கு 50 என்றால் 50 இருக்க வேண்டும். ரிசப்ஷன் நடுவில் 48 வந்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டார். பிரிக்காத கட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள், அதற்காகவே பலர் வாங்குவார்கள். கடன் மட்டும் ஒரு விசேஷத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள். முதல் பில் வந்த பிறகே அடுத்த லோடு.

மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் தட்டு போட மெஷினால் முடியும், விற்க உங்களால் முடியாது. முதல் வருடம் 40,000 போனாலே நல்லது. வாடகை முழுதும் அந்தக் கொஞ்சம் தட்டின் மேலேயே ஏறுவதால், ஆயிரத்துக்கு 500 இல்லை, 400 நின்று, மாதம் 16,000 வரும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அந்த இரண்டு மாதமும் கோயில் பிரசாதத் தட்டும் பேக்கரியும்தான். ஆவணிக்கு முன்கூட்டியே போட்டு வைப்பதாக இருந்தால், கட்டுகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள்.