கடன் பிரிவுக்கு அனுப்பாத பிள்ளை

நடுவர் கேட்டது: “உயர்பதவிக்குப் பெண்கள் ஏறாமல் தடுப்பது நிறுவனத்தின் அமைப்பா, எங்கட பழக்கமா?”

நடுவர் அவர்களே, திருகோணமலைப் பெரியோர்களே, அமைப்புத்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி பேசும்போது, “பெண்கள் விண்ணப்பிப்பதே இல்லை, பிறகு எப்படிப் பதவி வரும்?” என்று கேட்டார். பாதி சரி. பலர் விண்ணப்பிப்பதில்லைத்தான். ஏன் என்பதை இந்த ஊரிலேயே பார்ப்போம். எனக்குத் தெரிந்த ஒரு வங்கிக் கிளை, பெயர் வேண்டாம். ஒரே ஆண்டில் ஓர் ஆணும் பெண்ணும் பயிலுநராகச் சேர்ந்தார்கள். பரீட்சையில் பெண்ணுக்குத்தான் கூடிய புள்ளி. பெடியனைக் கடன் பிரிவுக்கு அனுப்பினார்கள். கிண்ணியாவில் மீன் வியாபாரியின் கணக்கைப் பார்த்தார், கந்தளாயில் வயலைப் பார்த்துக் கடனுக்குச் சிபாரிசு எழுதினார், திருப்பிக் கட்டாதவரின் வீட்டுக்கும் போனார். அந்தப் பிள்ளைக்கு அடகுப் பிரிவும் காசு கவுண்டரும். முகாமையாளர் கெட்டவர் இல்லை. “நீங்கள் ஏன் பிள்ளை வெயிலுக்குள்ள அலையிறீங்கள், இங்கேயே இருங்கோ” என்று அன்பாகத்தான் சொன்னார்.

சில வருடம் கழித்து உதவி முகாமையாளர் பதவிக்கு நேர்முகப் பரீட்சை. முதல் கேள்வி: “இதுவரை எவ்வளவு கடனுக்குச் சிபாரிசு செய்திருக்கிறீர்கள்?” அவளிடம் பதில் இல்லை. பெண் என்று யாரும் ஒதுக்கவில்லை, அனுபவம் போதாது என்றார்கள். அது உண்மையும்கூட! கண்ணாடிக் கூரை என்கிறோமே, அதில் அவள் தலை முட்டியது அன்றைக்கு. ஆனால் கூரை போட்டது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில். அடுத்த முறை விண்ணப்பப் படிவம் வந்தபோது அவள் அதைத் தொடவில்லை. தம்பி கண்டது அந்தக் கடைசிக் காட்சியை மட்டும்.

“வெயிலில் அலையாதே என்பது பழக்கம்தானே?” என்று எதிரணி கேட்கும். சரி, பழக்கம்தான். ஆனால் புதிதாக வருகிற எல்லோரும் முறைவைத்து ஆறு மாதம் கடன் பிரிவில் இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை இருந்திருந்தால், அந்த அன்பு அவளை ஒன்றும் செய்திருக்காது.

இடமாற்றமும் அப்படித்தான். வெளி மாவட்டத்தில் வேலை செய்தால்தான் முகாமையாளர் ஆகலாம் என்பது விதி. கடிதம் பெரும்பாலும் முப்பது வயதையொட்டி வரும். கைக்குழந்தையோடு அவள் மறுத்தால், “இடமாற்றத்தை ஏற்கவில்லை” என்று கோப்பில் ஏறும். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அவள் தயார், ஆனால் கோப்பு மறப்பதில்லை. இரண்டு வருடம் பிந்திப் போனாலும் மூப்பு குறையாது என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு மை வேண்டும்?

சபையிலிருந்து ஐயா ஒருவர் எழும்பி, “நான் கச்சேரியில வேலை செய்தனான், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம்தானே, எங்கே பாகுபாடு?” என்றார். ஐயா, ஒரே தரத்தில் இருப்பவர்களுக்கு ஒரே சம்பளம்தான். அந்தத் தரத்துக்கு யார் ஏறுகிறார்கள் என்பதுதான் இன்றைய வழக்கு. ஆனால் உங்கள் கச்சேரியே எனக்குச் சாட்சி. பரீட்சையும் தரமும் எழுத்தில் இருக்கிற நிர்வாக சேவை வழியாகத்தான் சார்ள்ஸ் அம்மையார் மட்டக்களப்பு அரசாங்க அதிபராகவும் பிறகு சுங்கப் பணிப்பாளர் நாயகமாகவும் வந்தார்.

எதிரணித் தலைவி நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார். நோர்வே 2003இல் சட்டம் போட்டு, பெரிய கம்பனிகளின் இயக்குநர் சபைகளில் பெண்களை 40 வீதம் ஆக்கியது, ஆனாலும் கம்பனியை நடத்தும் தலைமைப் பதவியில் பெண்கள் பெரிதாகக் கூடவில்லை, ஆகவே பழக்கம்தான் காரணம் என்றார். தகவல் சரி, முடிவு பிழை. இயக்குநர் சபைக்கு ஆளை வெளியிலிருந்தும் கொண்டுவந்து இருத்தலாம். தலைமை நிறைவேற்று அதிகாரி பெரும்பாலும் கடன் பிரிவு போன்ற படிகளில் ஏறித்தான் வருவார். சட்டம் மேலே இருந்த கதிரையைத்தான் தொட்டது, படியைத் தொடவில்லை.

அதே நோர்வேயின் இன்னொரு சட்டத்தை அக்கா சொல்லாமல் விட்டுவிட்டார். 1993இல் பிள்ளை பிறந்தால் தந்தைக்கென்றே 4 வாரம் ஒதுக்கினார்கள், அவர் எடுக்காவிட்டால் குடும்பத்துக்கு அது இல்லை. அதுவரை மிகச் சில அப்பாமாரே விடுமுறை எடுத்தார்கள். சில வருடங்களில் பெரும்பான்மை எடுத்தது. அப்பாமாரின் மனம் முதலில் மாறவில்லை, விதி மாறியது. இங்கே அரச சேவையில் தாய்க்கு 84 வேலை நாள், தந்தைக்கு 3 நாள். தனியார் துறையில் பிரசவ விடுமுறைச் சம்பளத்தை எந்தக் காப்புறுதி நிதியும் கொடுப்பதில்லை, முதலாளியே கொடுக்கிறார். நேர்முகத்தில் “கலியாணம் எப்ப?” என்று கேட்பவர் பழைமைவாதியாக இருக்கலாம், கணக்குப் பார்ப்பவராகவும் இருக்கலாம்.

ஒன்றில் மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. வேலை முடிந்த பிறகு ஆண்கள் கூடியிருந்து பேசும் இடத்தில்தான் அடுத்த முகாமையாளர் யார் என்பது பாதி முடிவாகிறது. அதற்கு எந்தச் சுற்றறிக்கை எழுதுவது? அந்தப் புள்ளியை எதிரணி எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் ஐயா, தீர்ப்புக்கு முதல் ஏதாவது ஓர் அலுவலகத்தின் பழைய பணிப் பங்கீட்டுப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். சேர்ந்த முதல் ஐந்து வருடத்தில் யார் எந்தப் பிரிவில் இருந்தார்கள் என்று மட்டும் பாருங்கள். வணக்கம்.