போக்கெழுதிய கடன் திரும்பி வந்தால்

நேயர்களுக்கு வணக்கம். டர்பனில் சின்னச் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். வராது என்று கைகழுவிய கடன் ஒரு நாள் முழுசாகத் திரும்பி வந்தால் அதைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் எண்கள் வரும், அதனால் பென்சிலும் தாளும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு மளிகை மொத்தக் கடை என்று வைத்துக்கொள்வோம். கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிற ஒருவர் அங்கே கடனுக்குச் சரக்கு வாங்குகிறார். அரிசி, பருப்பு, எண்ணெய் 5,000 ரேண்ட். மசாலா, நெய், பேப்பர் தட்டு 10,000 ரேண்ட். இரண்டாவது வகைக்கு 15 சதவீத வாட் 1,500 ரேண்ட். முதல் வகைக்கு வாட் பூஜ்யம்தான். நம் நாட்டில் அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆக பில் 16,500 ரேண்ட். பில் போட்ட மாதமே கடைக்காரர் அந்த 1,500-ஐ வாட் ரிட்டர்னில் காட்டி, வரித்துறையான சார்ஸுக்குக் கட்டியும் விட்டார். சமையல்காரரிடமிருந்து ஒரு காசு வரவில்லை.

போன் அடித்தால் எடுப்பதில்லை. வக்கீல் நோட்டீஸ் திரும்பி வந்துவிட்டது. ஆள் ஜோஹானஸ்பர்க் போய்விட்டார் என்று பேச்சு. பிப்ரவரியில் வருஷக் கணக்கை மூடும்போது, இனி இது வராது என்று முடிவு செய்கிறார்கள். இதைத்தான் போக்கெழுதுவது என்கிறோம்.

எழுதும் முறை இது. வாராக்கடன் கணக்கில் பற்று 15,000. வாட் கணக்கில் பற்று 1,500. சமையல்காரர் கணக்கில் வரவு 16,500. அவர் பேரில் பாக்கி பூஜ்யமாகிவிடும். 15,000 அந்த வருஷச் செலவு. 1,500, ஏற்கெனவே கட்டிய வாட்; அதை அந்த மாத ரிட்டர்னில் திரும்பக் கேட்கலாம். பணம் கைக்கு வந்த பிறகுதான் வாட் காட்டுவேன் என்கிற முறையில் பதிவு செய்திருப்பவர்களுக்கு இது கிடையாது. கட்டாததைத் திரும்பக் கேட்க முடியாதல்லவா?

அதிகம் பேர் சறுக்குகிற இடம் இங்கேதான். மொத்தம் 16,500 என்று பார்த்ததும் கால்குலேட்டரை எடுத்து, 15 பெருக்கல், 115 வகுத்தல் என்று தட்டிவிடுவார்கள். 2,152 ரேண்ட் 17 சென்ட் வரும். அரிசிக்கும் பருப்புக்கும் கட்டாத வாட்டைக் கேட்டதாக ஆகிவிடும், 652 ரேண்ட் அதிகம். சார்ஸ் பழைய பில்லை அனுப்பச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். அதனால் போக்கெழுதும் தாளோடு அசல் பில்லின் நகல், அனுப்பிய நோட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்துப் பின் போட்டு வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மச்சானுக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் வராமல் போனால், அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. முன்பு வருமானமாகக் காட்டிய தொகை வராமல் போனால்தான் வருமான வரியில் கழிக்க விடுவார்கள். மச்சான் பணம் விற்பனையும் இல்லை, வருமானமும் இல்லை. அது குடும்பத்துக்குள் தீர்க்க வேண்டிய வழக்கு.

போக்கெழுதினால் கடனை மன்னித்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. அது கடைக்காரர் தன் புத்தகத்தில் செய்துகொள்கிற வேலை. கடனாளிக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. "உன் கணக்கை அடித்துவிட்டேன், விடு" என்று வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டால் மட்டும், பிறகு கேட்கும்போது அந்த வாசகத்தையே எடுத்துக் காட்டுவார்கள்.

சரி, இப்போது தீபாவளி நேரம். அந்தச் சமையல்காரரே கடை வாசலில் வந்து நிற்கிறார். "அண்ணா, அந்தப் பழைய பாக்கி 16,500. கொஞ்சம் தாமதமாகிவிட்டது." முழுப் பணமும் கவரில் இருக்கிறது. கடைக்காரருக்குச் சந்தோஷம். கணக்குப் பையனுக்குத்தான் குழப்பம்: இதை எங்கே எழுதுவது?

பெரும்பாலும் அவன் சமையல்காரரின் பக்கத்தைத் திறந்து வரவு வைத்துவிடுவான். அங்கே பாக்கியே இல்லை. அதனால் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே மைனஸ் 16,500 என்று நிற்கும், நாம் அவருக்குத் தர வேண்டியது போல. கடனாளிப் பட்டியலில் மைனஸ் எண் தெரிந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்படுவேன். வேறு சிலர் புது விற்பனை என்று எழுதிவிடுவார்கள். அப்போது ஒரே சரக்கு இரண்டு முறை விற்றதாக ஆகிவிடும். ஸ்டாக் கணக்கோடு ஒத்துப்போகாது.

சரியான முறையில் இரண்டு பதிவு உண்டு. முதலில் கடனை உயிர்ப்பிக்க வேண்டும்: சமையல்காரர் கணக்கில் பற்று 16,500, வாராக்கடன் வசூல் என்ற வருமானக் கணக்கில் வரவு 15,000, வாட் கணக்கில் வரவு 1,500. அடுத்தது, பணம் வந்ததற்கு: பேங்க் கணக்கில் பற்று 16,500; சமையல்காரர் கணக்கில் வரவு 16,500. இரண்டுக்கும் ஒரே தேதி போடலாம். ஸ்கூலில் கணக்குப் படித்த பிள்ளைகள் கேட்பார்கள், "எங்களுக்குப் பணப்புத்தகத்தில் நேராக வாராக்கடன் வசூல் என்று ஒரே வரிதானே சொல்லிக் கொடுத்தார்கள்?" அதுவும் தப்பில்லை, லாபமும் ஒன்றுதான் வரும். ஆனால் அப்படிச் செய்தால் சமையல்காரரின் பக்கத்தில் அவர் ஏமாற்றிவிட்டுப் போனவராகவே இருப்பார். அடுத்த தைப்பூசத்துக்குக் கடன் கேட்டு வரும்போது, தாமதமானாலும் முழுசாகக் கொடுத்தவர் என்பது அந்தப் பக்கத்தில் தெரிய வேண்டாமா?

போன வருஷக் கணக்கைத் திறந்து அந்த 15,000 செலவை அடித்துவிடலாமே என்றும் கேட்கிறார்கள். கூடாது. அன்றைக்குத் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு அது, அதில் பிழை எதுவும் இல்லை. இன்று வந்த பணம் இந்த வருஷ வருமானம். கம்பெனியாக இருந்தால் 27 சதவீத வரியில் போன வருஷம் 4,050 ரேண்ட் குறைந்திருக்கும். இந்த வருஷம் அதே 4,050 கூடும். வாட்டும் அப்படித்தான்: அன்று திரும்ப வாங்கிய 1,500-ஐ, பணம் வந்த மாதத்து ரிட்டர்னில் காட்டிக் கட்டிவிட வேண்டும். இதை மறந்து போகிறவர்கள் நிறைய.

மறப்பது வேறு, மறைப்பது வேறு. போக்கெழுதிய கடனை யாரும் தேடுவதில்லை என்பதால், வந்த கவர் நேராகச் சட்டைப் பைக்குள் போய்விட வசதி. பணத்தை வாங்கிக்கொண்டே, வரவில்லை என்று சொல்லிப் போக்கெழுதுகிற வேலையாட்களும் உண்டு. அதனால் பணம் வாங்குகிற ஆளும் போக்கெழுதக் கையெழுத்துப் போடுகிற ஆளும் ஒருவராக இருக்கக் கூடாது. போக்கெழுதிய பெயர்களைத் தனி நோட்டில் எழுதி, முதலாளியே வைத்துக்கொள்ளட்டும். வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பெயர்களுக்கு அவரே போன் செய்து பார்க்கட்டும்.

முழுத்தொகை வராமல் மூன்றில் ஒரு பங்கு, 5,500 மட்டும் வந்தால்? அதே விகிதம்தான்: 5,000 வாராக்கடன் வசூல், 500 வாட். மிச்சம் 11,000-ஐ உயிர்ப்பிக்க வேண்டாம். அடுத்த கவர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.