புதிய சொத்தைக்கு நாலு சாட்சிகள்

நேயர்களுக்கு வணக்கம். பல் டாக்டரிடம் போனால் சொத்தையை அடைத்து அனுப்பிவிடுவார், அதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அடைப்பது பாதி வேலைதான். இந்த வாயில் அடுத்த சொத்தை வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று கணிப்பது மீதிப் பாதி. ஒருவருடைய கதையை வைத்து அதைச் சொல்கிறேன்.

56 வயது அம்மா, வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். அதுவரை ஒரே ஒரு பல்தான் அடைத்திருந்தது, அதுவும் சின்ன வயதில். ஆனால் கடைசி ஒரு வருடத்துக்குள் மூன்று சொத்தை. மூன்றும் ஈறு ஓரத்தில், வேர் வெளியே தெரிகிற இடத்தில்.

இனி சொத்தை வருமா என்று கேட்டால், இதுவரை வந்ததுதான் ஆக நம்பகமான சாட்சி. கடந்த 3 ஆண்டுகளுக்குள் புதிய சொத்தை வந்திருந்தால் அவரை அதிக ஆபத்துள்ளவராகத்தான் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சாட்சி ஏன் வந்தது என்று மட்டும் சொல்லாது. அதனால், "போன வருடம் உங்களுக்குப் புதிதாக என்ன மாறியது?" என்று கேட்டேன்.

"அக்கி வந்துபோச்சு டாக்டர். அப்புறமும் விலாவில் வலி விடவில்லை. அதுக்கு ராத்திரி ஒரு மாத்திரை போடுகிறேன்" என்றார். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், அமிட்ரிப்டிலின். நரம்பு வலிக்கு நல்ல மருந்துதான். ஆனால் எச்சிலை வற்ற வைக்கும்.

வாய்க்குள் பார்க்கிற கண்ணாடி அவர் கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்குக்கு அடியில் தேங்கி நிற்க வேண்டிய எச்சிலும் இல்லை. சரி, அளந்தே பார்ப்போம் என்று, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, பேசாமல் தலையைக் குனிந்து 5 நிமிடம் ஒரு சின்னக் கோப்பையில் எச்சிலை வழியவிடச் சொன்னேன். 0.4 மில்லி வந்தது. அதாவது நிமிடத்துக்கு 0.08. சாதாரணமாக 0.3 அளவில் இருக்கும், 0.1-க்குக் கீழே போனால் மிகக் குறைவு. அடுத்து ஒரு மெழுகுத் துண்டை மெல்லச் சொல்லி அளந்தபோது நிமிடத்துக்கு 0.6 வந்தது. ஒரு மில்லிக்கு மேல் வர வேண்டியது. குறைவுதான், ஆனாலும் மென்றால் சுரக்கிறது. மென்றும் வராவிட்டால் சுரப்பியிலேயே கோளாறு இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, வேறு பரிசோதனைகளுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

சாப்பாட்டை விசாரித்தபோது, "இனிப்பே தொடமாட்டேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து நாலு நாள், வாயில் போட்டதையெல்லாம் நேரத்தோடு எழுதிவரச் சொன்னேன். எழுதியதைப் பார்த்தால் நாளுக்கு ஏழெட்டு பெப்பர்மின்ட். வாய் காய்கிறது என்று தைக்கும்போது வாயில் அடக்கிக்கொள்கிறார். அது அவர் கணக்கில் இனிப்பே இல்லை. இதில் எடையைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். இனிப்புப் பட்டதும் சில நிமிடங்களில் பல்மேல் அமிலம் ஏறும். எச்சில் நன்றாக ஊறுகிற வாயில் அது தணிய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். இவருக்கு இன்னும் கூடுதலாகும். அது தணிவதற்குள் அடுத்த மிட்டாய். வேருக்கு எனாமல் கவசமும் இல்லை. பி.எச். எண் இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று பொருள். எனாமல் கரைய அது 5.5 வரை இறங்க வேண்டும், வேர் 6.2-லேயே கரையத் தொடங்கிவிடும். சொத்தை ஏன் அந்த இடத்தில் வந்தது என்பது இப்போது புரிந்துவிட்டது.

கடைசியாக, பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃபுளோரைடு. அவருடைய மூலிகைப் பற்பசையில் அது இல்லை. குடிப்பது ஆர்.ஓ. தண்ணீர், அதிலும் பெரும்பகுதி வடிந்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுதியாக உள்ள ஊர்கள் உண்டு. அதனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இந்தக் கணக்கைப் போடக் கூடாது.

இப்படி மதிப்பிட ஸ்வீடனில் உருவான 'காரியோகிராம்' என்ற கணினி நிரலும் உண்டு. விடையை வட்டப்படமாகக் காட்டும். நல்ல கருவிதான். ஆனால் அது தருவது வாய்ப்பின் அளவு மட்டுமே. மாத்திரையால் எச்சில் வற்றி, எச்சில் வற்றியதால் மிட்டாய் வந்தது என்ற தொடர்பை நோயாளியோடு உட்கார்ந்து பேசித்தான் பிடிக்க முடியும்.

மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது என்பதால் வலி மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தேன். அவர் அளவைக் குறைத்தார். பெப்பர்மின்டுக்குப் பதில் சர்க்கரை இல்லாத சைலிட்டால் சூயிங்கம். மென்றால் இவருக்குச் சுரக்கிறதே. 1000 பி.பி.எம். ஃபுளோரைடு பற்பசையால் இரண்டு வேளை துலக்கி, நுரையைத் துப்பியதோடு விட வேண்டும், வாய் கொப்பளிக்கக் கூடாது. அப்புறம் 3 மாதத்துக்கு ஒருமுறை பல்மேல் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ்.

மூன்று மாதம் கழித்து எச்சில் நிமிடத்துக்கு 0.2 ஆகியிருந்தது. மிருதுவாக இருந்த மூன்று வேர்களில் இரண்டு இறுகிப் பளபளப்பாகிவிட்டன, அவற்றைத் தோண்டி அடைக்கவில்லை. மூன்றாவது இன்னும் மிருதுவாகத்தான் இருந்தது. அதை அடைத்துவிட்டு, அவரை அதிக ஆபத்துப் பிரிவிலேயே வைத்து, அடுத்த வார்னிஷுக்கு நாள் குறித்துக் கொடுத்தேன். வணக்கம்.